மூன்று ஆய்வகம், மூன்று பொருள்: ரிசர்ச் ஸ்டேட்மென்டில் தொடர்ச்சியை எப்படிக் காட்டுவது?

தெற்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

போன வருடம் 11 இடங்களுக்கு உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தேன். ஐஐடி, ஐசர் சேர்த்து எட்டு, அமெரிக்காவில் மூன்று. ஓர் இடத்திலிருந்தும் செமினாருக்குக் கூப்பிடவில்லை. பேப்பர் எண்ணிக்கை மோசமில்லை. அடுத்த சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து லேப் சீனியர் ஒருவர் என் ஸ்டேட்மென்டைப் படித்துவிட்டு, "மூணு பேர் சேர்ந்து எழுதின மாதிரி இருக்கே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பிஎச்டி பெரோவ்ஸ்கைட் சோலார் செல்லில். வோல்ட்டேஜை ஏற்றும்போது ஒரு வளைவும் இறக்கும்போது வேறொரு வளைவும் வருகிற ஹிஸ்டெரிசிஸ் பிரச்சினை. அப்புறம் ஜெர்மனியில் இரண்டரை வருடம் சாலிட் ஸ்டேட் பேட்டரி. கார்னெட் வகை லித்தியம் செராமிக்கை 1,100 டிகிரிக்கு மேல் சுட்டு வில்லைகளாக்கி, அவற்றுக்குள் லித்தியம் உலோகம் டென்ட்ரைட் என்கிற கிளைவிடும் இழைகளாக எப்படிப் புகுகிறது என்று பார்ப்பது. இப்போது அமெரிக்காவில் ஹாஃப்னியம் ஆக்சைடு மெம்ரிஸ்டர், அதாவது மின்தடையை மாற்றி அந்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் சாதனம். ஒவ்வொரு தாவலுக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த நேரத்தில் எந்த மெயிலுக்குப் பதில் வந்ததோ அங்கே போனேன்.

இப்போதைய முதல் பத்தி தமிழில் ஏறக்குறைய இப்படி:

"என் முனைவர் பட்ட ஆய்வில் பெரோவ்ஸ்கைட் சோலார் செல்களின் ஹிஸ்டெரிசிஸ் குறித்து ஆராய்ந்தேன். அதன்பின் திட எலக்ட்ரோலைட்டுகளில் டென்ட்ரைட் வளர்ச்சியையும், தற்போது நியூரோமார்ஃபிக் பயன்பாட்டுக்கான ஆக்சைடு மெம்ரிஸ்டர்களையும் ஆராய்ந்து வருகிறேன். மேம்பட்ட பொருட்களில் எனக்குள்ள பரந்த அனுபவத்தைக் கொண்டு மூன்று துறைகளிலும் ஆய்வுக்குழு ஒன்றை அமைப்பேன்."

இதை எப்படி ஒரே கதையாக்குவது? ஒன்றை வெட்டிவிடலாமா?

கொடைரோடு

வெட்ட வேண்டாம். மூன்றையும் "எனர்ஜி மெட்டீரியல்ஸ்" என்ற தலைப்புக்குள் கொண்டுவாருங்கள். சோலார் மின்சாரத்தை உண்டாக்குகிறது, பேட்டரி சேமிக்கிறது, மெம்ரிஸ்டர் குறைந்த மின்சாரத்தில் கணக்குப் போடுகிறது. உற்பத்தி, சேமிப்பு, சிக்கனம் என்று முடிந்தது கதை. நான் அப்படித்தான் எழுதி ஒரு தனியார் பல்கலையில் சேர்ந்தேன்.

அப்பாவி_அப்பா

என் மகள் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வெளிநாட்டில் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கிறாள். அவளும் ஸ்டேட்மென்ட் எழுத வேண்டுமாம். சின்ன வயதில் ராக்கெட் பார்த்து அறிவியலில் ஆசை வந்ததை முதலில் எழுதலாமா? யாராவது மாதிரி இருந்தால் பகிரவும்.

வௌவால்

ஐயா, அது வேறு. உங்கள் மகள் எழுதுவது, தான் படிக்கத் தகுதியானவள் என்று காட்டும் கடிதம். இங்கே பேசுவது, வேலை கொடுத்தால் அடுத்த ஐந்து வருடம் என்ன ஆய்வு செய்வேன் என்று சொல்லும் திட்டம். தனி இழை தொடங்குங்கள், உதவுகிறோம். ராக்கெட் மட்டும் வேண்டாம்.

உலைக்களம்

எங்கள் துறையில் சில வருடம் ஷார்ட்லிஸ்ட் கமிட்டியில் இருந்தேன். மெட்டீரியல்ஸ்தான் என் துறை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொடைரோடு சொன்னதில் பாதி சரி, எதையும் வெட்ட வேண்டாம் என்பது. ஆனால் "எனர்ஜி மெட்டீரியல்ஸ்" வெறும் குடை. அதற்கடியில் யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். உங்கள் பத்தியில் இருக்கும் பெயரை அழித்துவிட்டு இன்னொரு விண்ணப்பதாரர் பெயரைப் போட்டால் ஏதாவது பொய்யாகுமா? ஆகாது என்றால் அந்தப் பத்தி உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மெம்ரிஸ்டரை எனர்ஜிக்குள் தள்ளியதைப் பார்த்ததும் "சரி, ஒட்டுப்போட்டிருக்கிறார்" என்று தெரிந்துவிடும்.

கமிட்டியில் படிக்கிறவர்களில் உங்கள் பொருளைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். மற்றவர் உலோகவியல், பாலிமர், கணினிச் சிமுலேஷன் ஆட்கள். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மூடினால் அவர்கள் மனதில் ஒரு கேள்வி நிற்க வேண்டும், "இந்த ஆள் இதைத்தான் துரத்துகிறார்" என்று. உங்களுடையதைப் படித்தால் மூன்று பொருட்களின் பெயர்தான் நிற்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் முதல் ஆசிரியராக இருக்கும் ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு வாக்கியம்: இதற்கு முன் தெரியாத எது இதற்குப் பின் தெரிந்தது? நிபந்தனை, பொருளின் பெயர் வரக்கூடாது, கருவியின் பெயர் வரக்கூடாது, "மேம்படுத்தினோம்" என்ற சொல்லும் கூடாது. எழுதி இங்கே போடுங்கள்.

இம்பிடன்ஸ்_மணி

மேடம், நூல் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறதே. மூன்று இடத்திலும் இவர் செய்திருப்பது, மாறுதிசை மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மாற்றி மின்தடையை அளக்கும் இம்பிடன்ஸ் ஸ்பெக்ட்ராஸ்கோபி. நான் அவருடைய பேப்பர் இரண்டைப் பார்த்திருக்கிறேன். "அயனிக் கடத்திகளுக்கான இம்பிடன்ஸ் முறைகள்" என்று தலைப்பு வைத்தால் மூன்றும் தானாகச் சேரும். நானே அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

தெற்குவாசல்

மணி சார் சொன்னதுதான் எனக்கும் முதலில் தோன்றியது. இருந்தாலும் மேடம் சொன்ன பயிற்சியைச் செய்து பார்த்தேன். நினைத்ததைவிடக் கஷ்டம். பொருளின் பெயரை எடுத்துவிட்டால் சில பேப்பரில் ஒன்றுமே மிச்சமில்லை. மிஞ்சியவை:

அ. படிகத் துணுக்குகள் பெரிதாக இருந்த படலத்தில் அயனி நகர்வின் அறிகுறி குறைந்தது. ஆக, அயனி படிகத்தின் உள்ளே அல்ல, துணுக்குகள் முட்டும் எல்லை வழியாகவே அதிகம் நகர்கிறது.

ஆ. கிட்டத்தட்ட முழு அடர்த்திக்குச் சுட்ட வில்லையிலும் உலோகம் உள்ளே புகுந்தது. உடைத்துப் பார்த்தபோது அது எல்லைகளை ஒட்டியே போயிருந்தது. ஆனால் அதே எல்லைகள் அயனி ஓட்டத்துக்குத் தடையாக இருந்தன.

இ. ஒரே தட்டில் செய்த சாதனங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு ஸ்விட்ச் ஆவதற்குக் காரணம், மின்முனைக்கு அடியில் எல்லை எங்கே விழுகிறது என்பதுதான்.

ஈ. ஸ்பின் கோட்டிங்கில் கரைப்பான் சொட்டும் நேரத்தை மாற்றிப் பார்த்த பேப்பர். பெயரை எடுத்தால் "நேரம் முக்கியம்" என்பதுதான் மிச்சம்.

இன்னொன்று சோடியம் அயன் பேட்டரியில் இரண்டாம் ஆசிரியராக. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றிலும் "எல்லை" என்ற சொல் வந்திருக்கிறது. நான் வேண்டுமென்று போடவில்லை.

உலைக்களம்

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் இங்கே நிறுத்திவிடாதீர்கள். "நான் கிரெய்ன் பவுண்டரியை ஆராய்கிறேன்" என்று எழுதினால் அதுவும் இன்னொரு குடைதான், கொஞ்சம் சின்னக் குடை.

உங்கள் ஆ-வை மறுபடி படியுங்கள். அ-வில் எல்லை அயனிக்குப் பாதை. ஆ-வில் அதே மாதிரி எல்லை அயனிக்குத் தடை. அயனிக்குத் தடையாக இருந்த அதே இடத்தில் உலோகம் புகுகிறது. இ-யில் எல்லை இருக்கும் இடத்தில்தான் சாதனமே வேலை செய்கிறது. மூன்று முடிவும் ஒத்துப்போகவில்லை! அவை ஒத்துப்போகாத இடத்தில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது: ஓர் எல்லை பாதையாவதும் தடையாவதும் எதைப் பொறுத்தது? இரு படிகங்களும் எந்தக் கோணத்தில் முட்டுகின்றன என்பதா, அங்கே சேரும் மின்னூட்டமா, சூட்டில் ஒதுங்கும் அசுத்தமா?

இந்தக் கேள்வியைச் சோலார் லேபிலேயே இருந்தவர் கேட்டிருக்க மாட்டார், பேட்டரி லேபிலேயே இருந்தவரும் கேட்டிருக்க மாட்டார். மூன்று இடத்தில் அலைந்ததால் உங்களுக்கு மட்டும் கிடைத்தது. இதுவரை அலைச்சலை மறைக்கப் பார்த்தீர்கள். இப்போது அது இல்லாமல் கேள்வியே இல்லை.

மணி சொன்ன கருவி வழி பற்றி: கருவியை நூலாக்கினால், எங்கள் துறையில் ஏற்கெனவே இம்பிடன்ஸ் செய்கிற இருவர் இருக்கும்போது மூன்றாவதாக ஒருவர் எதற்கு என்ற கேள்வி வரும். உங்களைக் கருவி இயக்குகிறவராகப் பார்ப்பார்கள். இம்பிடன்ஸ் முதல் பக்கத்தில் ஒரு வாக்கியமாக வரட்டும், "எல்லையின் பங்கையும் உட்படிகத்தின் பங்கையும் பிரித்தளக்க முடிந்ததால்தான் இந்த முரண் தெரிந்தது" என்று. அங்கே அது சாட்சி.

இம்பிடன்ஸ்_மணி

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முறையை நம்பித் துறை அமைத்தவர்கள் எத்தனையோ பேர். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி ஆட்களைப் பாருங்கள். பொருள் மாறிக்கொண்டே இருக்கும், யாரும் தொடர்ச்சி இல்லை என்று சொல்வதில்லை.

உலைக்களம்

முறையையே முன்னேற்றுகிறவர்களுக்குப் பொருந்தும். புது டிடெக்டர், புது அல்காரிதம் செய்கிறவர் முறையைச் சொல்லித்தான் வர வேண்டும். தெற்குவாசல் இம்பிடன்ஸில் புதிதாக ஏதாவது உருவாக்கினாரா? சந்தையில் கிடைக்கும் கருவியில் அளந்தார். வித்தியாசம் அதுதான்.

இம்பிடன்ஸ்_மணி

ஃபிட்டிங்கில் ஒரு மாடல் போட்டிருக்கிறார். அது புதிதுதான். சரி, விடுகிறேன். பாதிதான் விடுகிறேன்.

திண்ணை

எல்லோரும் ரொம்ப சீரியஸாகப் பேசுகிறீர்கள். இதெல்லாம் நாடகம். எந்தப் பத்திரிகையில் பேப்பர், யார் கடிதம் எழுதினார் என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ஸ்டேட்மென்டை மூன்று வரியில் எழுதினாலும் எடுக்க வேண்டியவரை எடுப்பார்கள்.

உலைக்களம்

முதல் வடிகட்டலில் அப்படி நடப்பதை மறுக்கவில்லை. ஆனால் பேப்பர் பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் கட்டுதான் பெரிய கட்டு. அதிலிருந்து கூப்பிட வேண்டியவர்களைப் பொறுக்கும்போது "இவர் என்ன செய்வார்?" என்று ஒருவர் கேட்பார். அந்த அறையில் யாராவது ஒரே மூச்சில் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்லப் போகும் வாக்கியத்தை நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

தெற்குவாசல்

ராத்திரி உட்கார்ந்து முதல் பத்தியை மாற்றினேன்.

"பிஎச்டி தொடங்கியதிலிருந்தே என் ஆய்வை வழிநடத்தியது ஒரே கேள்வி: திடப்பொருளில் படிக எல்லைகள் அயனி நகர்வை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன? இந்தக் கேள்விக்கு விடை காண, அயனி நகர்வு கேடு செய்யும் சோலார் செல், ஆபத்தாகும் பேட்டரி, பயன்தரும் மெம்ரிஸ்டர் என மூன்று அமைப்புகளைத் திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்தேன்."

கொடைரோடு

அருமை. கேடு, ஆபத்து, பயன். என் குடையைவிட இது நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

வௌவால்

எனக்கு இடிக்கிறது. "திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்தேன்" என்கிறீர்கள். மேலே முதல் பதிவில் "எந்த மெயிலுக்குப் பதில் வந்ததோ அங்கே போனேன்" என்கிறீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். நான் சூழலியல். பிஎச்டி பழந்தின்னி வௌவால்களின் இரை தேடல், போஸ்ட்டாக் தோட்டப் பயிர்களில் மகரந்தச் சேர்க்கை, நடுவில் குழந்தைக்காக மூன்று வருட இடைவெளி. நானும் முதலில் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்த மாதிரி எழுதினேன். ஒரு நேர்காணலில் ஒருவர் என் முதல் பேப்பரைத் திறந்து, "இதில் மகரந்தம் என்ற சொல்லே இல்லையே" என்றார். வாயடைத்துப் போனேன். அடுத்த தடவை உள்ளதை எழுதினேன்: வௌவால் எச்சத்தில் விதை எண்ணிக்கொண்டிருந்தபோது அதன் முகத்தில் பூந்தூள் அப்பியிருந்ததைப் பார்த்தேன், அப்போது அதைத் துடைத்துவிட்டு எடை போட்டேன், இரண்டு வருடம் கழித்துத்தான் துடைத்தது எது என்று உறைத்தது. அந்த வரியை எல்லா இடத்திலும் கேட்டார்கள்.

இடைவெளியை ஸ்டேட்மென்டில் சொல்லவே இல்லை. சிவியில் ஆண்டு இருக்கிறது, அது போதும்.

உலைக்களம்

வௌவால் சொன்னதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. ஒன்று மட்டும். உங்கள் பிஎச்டி கைடு சிபாரிசுக் கடிதத்தில் "இவர் சோலார் செல் திறனைக் கூட்டுவதில் ஆர்வமாக இருந்தார்" என்று எழுதுவார். நீங்கள் "முதல் நாளிலிருந்தே எல்லைதான் என் கேள்வி" என்கிறீர்கள். கமிட்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும். திட்டம் இருந்ததாகச் சொல்லாதீர்கள். ஒரு முடிவு வந்தது, அடுத்த முடிவு அதோடு முட்டியது, அப்போது கேள்வி பிறந்தது. வரிசை அதுதான். இறுதி வடிவத்தைக் கடிதம் எழுதும் மூவருக்கும் விண்ணப்பிப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

தெற்குவாசல்

மூன்றாவது முயற்சி.

"சோலார் செல் படலங்களில் அயனிகள் படிக எல்லை வழியாக ஓடுவதை என் பிஎச்டியில் கண்டேன். எல்லை என்றால் பாதை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு லித்தியம் செராமிக்கில் அளந்தபோது எல்லைகள் அயனிக்குத் தடையாக இருந்தன. ஆனால் லித்தியம் உலோகம் வில்லையைத் துளைத்தது அதே எல்லைகள் வழியாகத்தான். இப்போது ஆராயும் ஆக்சைடு படலங்களில், எல்லை எங்கே விழுகிறதோ அங்கே சாதனம் ஸ்விட்ச் ஆகிறது. ஓர் எல்லையைப் பாதையாக்குவது எது, தடையாக்குவது எது? சாதாரணப் படலத்தில் ஆயிரக்கணக்கான எல்லைகள் கலந்து கிடப்பதால் இதற்கு விடை கிடைப்பதில்லை. என் குழு, கோணம் தெரிந்த ஒரே ஓர் எல்லையை மட்டும் கொண்ட மாதிரிகளைச் செய்து ஒவ்வொன்றாக அளக்கும்."

கடைசி வரி எழுதும்போதுதான் வந்தது. ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டில் இரண்டு ஒற்றைப்படிகங்களைக் குறிப்பிட்ட கோணத்தில் ஒட்டிய பைகிரிஸ்டல் தட்டுகள் விலைக்கே கிடைக்கின்றன. சூப்பர்கண்டக்டர் ஆட்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். அதன் மேல் படலம் வளர்த்தால் கீழே உள்ள எல்லை மேலேயும் தொடரும்.

உலைக்களம்

இது போதும். கடைசி வரிக்காகவே கூப்பிடலாம். இறந்த காலமும் எதிர்காலமும் ஒட்டும் இடம் அதுதான். பலர் முதல் பாதியில் தொடர்ச்சி காட்டிவிட்டு, எதிர்காலத் திட்டத்தில் மறுபடி மூன்று தனித்தனிப் புராஜெக்ட் போடுவார்கள். உங்கள் பழைய இரண்டாம் பக்கம் எப்படி இருக்கிறது?

தெற்குவாசல்

புராஜெக்ட் 1 ஈயம் இல்லாத பெரோவ்ஸ்கைட். புராஜெக்ட் 2 சல்ஃபைடு எலக்ட்ரோலைட். புராஜெக்ட் 3 மெம்ரிஸ்டர் அடுக்குகள். மூன்றையும் தூக்கியாயிற்று.

புதிதாக யோசித்தது இது. முதலாவது, ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் பைகிரிஸ்டலிலேயே ஆக்சிஜன் காலியிடங்களின் நகர்வை எல்லைக்குக் குறுக்காகவும் நெடுக்காகவும் அளப்பது, கோணம் மாற மாற. இரண்டாவது, அதன் மேல் லித்தியம் லாந்தனம் டைட்டனேட் படலம் வளர்த்து லித்தியத்துக்கு அதே அளவீடு. அதன் அமைப்பு தட்டோடு ஒத்துப்போவதால் ஒழுங்காக வளரும், அதோடு அந்தப் பொருளில் எல்லைத் தடை பெயர்போனது. மூன்றாவது, எல்லை சரியாக மின்முனைக்கு நடுவில் வரும்படி வைத்து ஸ்விட்ச் செய்வது.

சோலார் செல் எங்கும் இல்லை. பிஎச்டி முழுக்க அதுதானே, பரவாயில்லையா?

உலைக்களம்

பரவாயில்லை. பிஎச்டியில் தொட்டதையெல்லாம் சாகும்வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அங்கே கிடைத்த கேள்வி வந்திருக்கிறது, போதும்.

இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, மூன்று புராஜெக்டும் படலம் ஒழுங்காக வளர்வதை நம்பி ஒரே ஏணியாக நிற்கின்றனவா? முதலாவதுக்கு வெறும் தட்டே போதும், படலம் தேவையில்லை என்பது நல்லது. சேர்ந்த முதல் வருடத்தில், பெரிய கருவி வருவதற்கு முன்பே ஒரு மாணவர் தொடங்கிவிடலாம். இதைப் பத்தியில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டாவது புராஜெக்டுக்கு, டார்கெட்டை லேசரால் ஆவியாக்கிப் படலம் வளர்க்கும் பல்ஸ்டு லேசர் டெபாசிஷன் கருவி வேண்டும். அது இல்லாத துறைக்கு விண்ணப்பித்தால் அங்கேயே மாட்டுவீர்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரிடம் இருக்கிறது என்று துறையின் பக்கத்தில் பார்த்து, பொதுக் கருவியாக இருந்தால் மட்டும் குறிப்பிடுங்கள். லித்தியம் படலம் வளரும்போது லித்தியம் ஆவியாகிப் போகும், அதற்கு டார்கெட்டில் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இந்தத் தொல்லையை ஒரு வரியில் நீங்களே சொன்னால் "செய்து பார்த்த ஆள்" என்று தெரியும்.

இடிக்கும் இரண்டாவது இடம் பெரிசு. மூன்றாவது புராஜெக்ட் இப்போது உங்கள் போஸ்ட்டாக் பாஸ் செய்வதுதானே? "இது அவருடைய ஆய்வு, இவர் கிளை திறக்கிறார்" என்று யாராவது சொன்னால் என்ன பதில்?

தெற்குவாசல்

வயிற்றைக் கலக்கிய கேள்வி இதுதான். ஹாஃப்னியம் ஆக்சைடு அவருடையது. நான் டைட்டனேட்டில் செய்வதாகத்தான் சொல்கிறேன். இது போதுமா?

திண்ணை

பாஸிடம் கேட்காமலே எழுதிவிடுங்கள். கேட்டால்தான் பிரச்சினை. என் நண்பன் ஒருவன் கேட்டான், அவனுடைய பாஸ் எல்லாவற்றுக்கும் "அது எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிட்டார்.

உலைக்களம்

கேட்காமல் எழுதினால், அவருடைய கடிதத்தில் அதே ஐடியா "எங்கள் குழுவின் அடுத்த திட்டம்" என்று வரலாம். அதைவிட மோசமானது எதுவுமில்லை. நேரில் உட்கார்ந்து எதை எடுத்துக்கொண்டு போகலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று பேசுங்கள். பேசியதை அன்றைக்கே சின்னதாக மெயில் போட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சில பாஸ்கள் கடிதத்திலேயே "இந்தப் பகுதி முழுக்க இவருடையது" என்று எழுதித் தருவார்கள். நீங்களே சொல்லிக்கொள்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம். திண்ணையின் நண்பருக்கு நடந்ததும் நடக்கத்தான் செய்கிறது. அப்படி ஆனால் மூன்றாவது புராஜெக்டை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதே.

கொடைரோடு

சோடியம் பேப்பரும் சொட்டு நேரப் பேப்பரும் என்ன ஆயின?

உலைக்களம்

சொட்டு நேரப் பேப்பருக்கு ஸ்டேட்மென்டில் இடமில்லை. சிவியில் இருக்கட்டும். படலத்தில் துணுக்கின் அளவைக் கட்டுப்படுத்தத் தெரியும் என்பதற்கு மட்டும் அது சாட்சி. அ-வைச் சொல்லும் வாக்கியத்தின் கடைசியில் மேற்கோள் எண்ணாக வைக்கலாம். சோடியம் பேப்பரை நான் விட்டுவிடுவேன்.

இம்பிடன்ஸ்_மணி

நான் விடமாட்டேன். இந்தியாவில் சோடியம் அயனுக்கு இப்போது கவனம் இருக்கிறது. "கூட்டு ஆய்வு" என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? லித்தியத்துக்குச் செய்வதை நாளைக்குச் சோடியத்துக்கும் செய்யலாம் என்று காட்டுகிறது.

உலைக்களம்

அந்த ஒரு வரியைப் படிப்பவர் "இதுவும் செய்வாராம்" என்று நினைப்பார். நாலாவது ஆள் உள்ளே வந்துவிடுவார். ஆனால் இதில் எனக்கு முழு உறுதி இல்லை. பேட்டரி மையம் உள்ள இடத்துக்கு மட்டும் சேர்ப்பதில் தப்பில்லை.

வௌவால்

படம் வைக்கிறீர்களா? எங்கள் துறையில் ஒரு படம் வைப்போம், வரைபடமாக இல்லாமல்.

தெற்குவாசல்

பழையதில் மூன்று வட்டம் ஒன்றையொன்று வெட்டும் படம் இருந்தது. சோலார், பேட்டரி, மெம்ரிஸ்டர். நடுவில் என் பெயர். இப்போது பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

புதிதாகச் செய்தது: மூன்று மைக்ராஸ்கோப் படம் பக்கத்தில் பக்கத்தில். மூன்றிலும் எல்லைகளை மட்டும் ஒரே சிவப்பில் தடவினேன். சோலார் படலத்தில் துணுக்கு சில நூறு நானோமீட்டர், செராமிக்கில் பல மைக்ரோமீட்டர், ஹாஃப்னியம் ஆக்சைடில் பத்து நானோமீட்டர் அளவு. அளவுகோல் மூன்றுக்கும் வேறு வேறு, ஆனால் சிவப்பு வலை மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது. நாலாவது கட்டத்தில் பைகிரிஸ்டல்; வெள்ளைப் பரப்பில் ஒரே ஒரு சிவப்புக் கோடு.

உலைக்களம்

அந்த நாலாவது கட்டத்தை வைத்துச் செமினாரைத் தொடங்குங்கள். படத்தின் கீழே மூன்று வரிக்கு மேல் எழுத வேண்டாம்.

பக்க அளவை அறிவிப்பில் பாருங்கள், இடத்துக்கு இடம் மாறும். மூன்று பக்கம் என்றால் நடந்தது ஒன்றேகால், வரப்போவது ஒன்றேமுக்கால் என்று நான் வைப்பேன். உங்கள் பழையதில் நடந்தது இரண்டரைப் பக்கம், அப்படித்தானே?

தெற்குவாசல்

இரண்டே முக்கால்.

கொடைரோடு

அமெரிக்காவுக்கும் இங்கேயும் ஒரே ஸ்டேட்மென்ட் போதுமா?

தெற்குவாசல்

கதை ஒன்றுதான், முன்னால் வைப்பது மாறுகிறது. அமெரிக்க இடங்களில் நேர்காணலில் ஸ்லைடு இல்லாமல் போர்டில் எழுதி எதிர்காலத் திட்டத்தை விளக்கச் சொல்வார்களாம், அதனால் அங்கே மூன்றாவது புராஜெக்டையும் விரிவாக எழுதுகிறேன். இங்கே ஐஐடிகளில் பல ரோலிங் அறிவிப்புதான், எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்பதால் முதலில் இரண்டு இடத்துக்கு மட்டும் அனுப்பப் போகிறேன்.

தெற்குவாசல் (ஒன்பது நாள் கழித்து)

பாஸிடம் பேசினேன். முக்கால் மணி நேரம். மெம்ரிஸ்டர் அடுக்குகளும் ஹாஃப்னியம் ஆக்சைடும் அவருக்கு. ஒற்றை எல்லை எனக்கு. "இதைப் பற்றி நீ என்னிடம் பேசியதே இல்லையே, எப்போது யோசித்தாய்?" என்று கேட்டார். போன வாரம் ஒரு தமிழ் இழையில் என்று சொல்ல வரவில்லை. மெயிலில் உறுதிசெய்துவிட்டேன், "சரி" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

பிஎச்டி கைடு படித்துவிட்டுப் போன் போட்டார். அ-வில் நான் சொல்லும் முடிவு உண்மையில் அந்தப் பேப்பரின் சப்ளிமெண்டரியில் ஆறாவது படமாகத்தான் இருந்தது, மெயின் பேப்பரில் திறன் கூடியதைப் பற்றித்தான் எழுதினோம் என்று ஞாபகப்படுத்தினார். கடிதத்தில் அந்தப் படத்தைக் குறிப்பிட்டு எழுதுவதாகச் சொன்னார். நானும் ஸ்டேட்மென்டில் "சப்ளிமெண்டரியில் மட்டும் இடம்பெற்ற ஓர் அளவீடு" என்று மாற்றிவிட்டேன்.

ஜெர்மனியிலிருந்து இன்னும் பதில் இல்லை. இரண்டு ஞாபகமூட்டல் போட்டாயிற்று.

வௌவால்

சப்ளிமெண்டரி வரியை விடாதீர்கள். எனக்கு அது உங்கள் முதல் பத்தியைவிடப் பிடித்திருக்கிறது.

இம்பிடன்ஸ்_மணி

அந்த ஆறாவது படம் இம்பிடன்ஸ் அளவீடுதானே? சும்மா கேட்டேன்.

தெற்குவாசல்

ஆமாம் சார், இம்பிடன்ஸ்தான்.

உலைக்களம்

ஜெர்மனிக்குப் போன் பண்ணுங்கள். ஆ தான் முழு ஸ்டேட்மென்டையும் தாங்குகிறது, அந்தக் கடிதம் இல்லாமல் அனுப்ப வேண்டாம்.